கேமரா காணாத பூண்டி

வார இறுதியில் ஒரு பேருந்துப் பயணத்தை வ்லாக்காக எடுக்க நினைப்பவர்கள் பொதுவாக இடத்தை முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். பிறகு அங்கே போய்க் கண்ணில் பட்டதை எடுக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, எடுத்த படங்களை அடுக்கி, அவற்றின்மேல் குரலை ஏற்றுகிறார்கள். அருவிக்கும் மலைக்கும் இந்த வரிசை பொருந்தலாம். வேப்பம்பட்டிலிருந்து புறப்படும் பயணத்துக்கு இது பொருந்தாது என்பதே என் வாதம். திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் வேப்பம்பட்டு, வாரம் முழுக்கக் கிழக்கு நோக்கி வேலைக்குப் போகும் ஊர். காலையில் மின்சார ரயிலில் சென்னையின் பக்கம் போய், இரவில் திரும்பும் ஊர். வார இறுதியில் அதற்கு எதிர்த்திசையில், பேருந்தில் திருவள்ளூர் போய், அங்கே மாறிப் பூண்டி நீர்த்தேக்கம்வரை போய் வரலாம். அரை நாள் பயணம். போகும் வழியிலும் போய்ச் சேரும் இடத்திலும் இருக்கிற முக்கியமானவை எவையும் கேமராவுக்குத் தெரிவதில்லை. சில நீருக்கடியில் இருக்கின்றன, சில மண்ணுக்கடியில் இருக்கின்றன, ஒன்று வேறு மாநிலத்திலிருந்து வந்துகொண்டிருக்கிறது. ஆகவே இங்கே குரலில் என்ன சொல்லப்போகிறோம் என்பதை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகே ஷாட் பட்டியலைப் போட வேண்டும். இரண்டும் ஒன்றையே சொல்லவும் கூடாது.

பட்டியல் போடுவதற்கு ஒரு தாளை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துக்கொள்வது ஆவணப்பட வேலையில் பழைய வழக்கம். இடப்பக்கம் கண்ணுக்கு, வலப்பக்கம் காதுக்கு. பெரும்பாலான பயண வ்லாக்குகளை இந்தத் தாளில் எழுதிப் பார்த்தால் இரண்டு பக்கத்திலும் ஒரே செய்திதான் இருக்கும். படத்தில் பேருந்து வரும், குரல் ‘பஸ் வந்துடுச்சு’ என்னும். படத்தில் டீ வரும், குரல் ‘சூடா ஒரு டீ’ என்னும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும், பிறகு திரையை மறைத்துவிட்டுக் கேட்க வேண்டும். எந்த முறையிலும் எதுவும் குறையவில்லை என்றால் ஒரு பக்கத்து வேலை முழுக்க வீண். இரண்டு முறையிலும் பாதி குறைந்து, சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் நிறைகிறது என்றால் அந்தத் தாள் சரியாக எழுதப்பட்டிருக்கிறது.

படமும் குரலும் இப்படிப் பிரிந்து நிற்கக்கூடியவை என்பதற்குக் கண்முன் நிற்கும் சான்று, பிரெஞ்சு ஆவணப்படக்காரர் கிறிஸ் மார்க்கர் 1957இல் எடுத்த ‘சைபீரியாவிலிருந்து ஒரு கடிதம்’. யாகுட்ஸ்க் நகரத் தெரு ஒன்றில் ஒரு பேருந்தும் ஒரு காரும் கடந்து போகின்றன, தொழிலாளர்கள் சாலை போடுகிறார்கள், உள்ளூர்க்காரர் ஒருவர் கேமராவைப் பார்க்கிறார். இந்தச் சிறு பகுதியை மார்க்கர் மாற்றமில்லாமல் மூன்று முறை காட்டுகிறார். ஒரு முறை சோவியத் ஆட்சியைப் புகழும் குரல், அடுத்த முறை அதை இகழும் குரல், மூன்றாவது முறை நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் குரல். பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் வேறொரு தெருவைப் பார்க்கிறார். படம் பேசும், குரல் தேவையில்லை என்று நம்புகிறவர்களுக்கு இந்த ஒரு காட்சி போதும். படம் தானாகப் பேசுவதில்லை, பேச வைக்கப்படுகிறது.

இதைப் பூண்டியில் வைத்துப் பார்ப்போம். கரையில் பொதுமக்களை அனுமதிக்கும் இடத்தில் நின்று, கேமராவை அசைக்காமல், நீர்ப்பரப்பையும் தூரத்து மதகுகளையும் பதினான்கு விநாடிகளுக்கு எடுத்திருக்கிறோம். அதன்மேல் முதல் குரல்: ‘சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் கடல் போல ஒரு ஏரி! குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. தவறாமல் வந்து பாருங்கள்.’ அதே படத்தின்மேல் இரண்டாவது குரல்: ‘நகரத்தின் தாகத்துக்காக ஊர்நிலம் நீருக்கடியில் போனது. இங்கே நிற்கிற தண்ணீர் யாரோ ஒருவருடைய வயலின் மேல் நிற்கிறது.’ மூன்றாவது குரல்: ‘1944இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம் இது. கொசஸ்தலை ஆற்று நீரோடு, ஆந்திராவின் கண்டலேறிலிருந்து கால்வாய் வழியே கிருஷ்ணா நீரும் இங்கே வந்து சேர்கிறது.’ முதல் குரலைக் கேட்பவர் நீரின் மினுமினுப்பைப் பார்க்கிறார். இரண்டாவதைக் கேட்பவர் நீருக்கு அடியில் எதையோ தேடுகிறார். மூன்றாவதைக் கேட்பவர் சட்டத்துக்கு வெளியே, வடக்குப் பக்கம் ஒரு கால்வாய் இருப்பதை நினைத்துக்கொள்கிறார். மூன்றில் எதைத் தேர்வது என்று கேட்டால், மூன்றாவதிலிருந்து தொடங்கி, அது விட்டுவிட்டதை இரண்டாவதிலிருந்து எடுத்துச் சேர்க்கலாம் என்பேன். நடுநிலைக் குரலும் எதையோ மறைக்கிறது என்பதை மார்க்கரே தன் படத்தில் சொல்லிவிடுகிறார். என் மூன்றாவது வாசகத்திலும் நீர்த்தேக்கம் வந்தபோது இடம் பெயர்ந்தவை இல்லை.

இந்தத் தண்ணீரைப் பற்றிக் குரல் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. நீர்த்தேக்கத்தின் பெயர் சத்தியமூர்த்தி சாகர். சென்னை மேயராக 1939–40இல் இருந்தபோது இந்தத் திட்டத்துக்காகப் பாடுபட்டவர் தீரர் சத்தியமூர்த்தி. அவர் 1943இல் இறந்தார். அணை அடுத்த ஆண்டு முடிந்தது. கொசஸ்தலை ஆறு மழைக்கால ஆறு என்பதால் வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டுகளில் அணை கட்டியும் பயன் சுருங்கிப்போனது. ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீரைச் சென்னைக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் 1983இல் ஆந்திராவுடன் கையெழுத்தாகி, 1996இல் முதல் தண்ணீர் எல்லையைத் தாண்டி வந்தது. பூண்டியின் முழுக் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, அதாவது மூன்றேகால் டி.எம்.சி.க்குச் சற்றுக் குறைவு. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் ஆண்டு அளவு இந்த ஏரியை மூன்றரை முறைக்கு மேல் நிரப்பக்கூடியது. இதைச் சொல்லும்போது திரையில் ஏரியைக் காட்டக் கூடாது. ஏரியைப் பார்த்துக்கொண்டே ஏரியின் அளவைக் கேட்பவருக்கு இரண்டுமே மனத்தில் நிற்காது. இந்த வாசகத்துக்கான ஷாட்டை வேப்பம்பட்டிலேயே, புறப்படுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மொட்டை மாடியில் ஒரு கறுப்புத் தொட்டி, தெருவில் திரும்பும் ஒரு தண்ணீர் லாரி, பிளாஸ்டிக் குடங்களின் வரிசை. புறநகரின் பல தெருக்கள் இன்னும் ஆழ்துளைக் கிணற்றையும் லாரியையும் நம்பியிருக்கின்றன. பக்கத்திலேயே ஒரு பெருநகரத்தின் குடிநீர் தேங்கி நிற்கிறது. இந்த இரண்டையும் குரல் தன் வாயால் ஒப்பிட்டுப் பேச வேண்டியதில்லை. அணையின் கதை காதில் விழும்போது கண்ணில் குடங்கள் நின்றால் போதும்.

பூண்டியில் கேமரா காணாத இரண்டாவது பொருள் ஒரு கோயில். தேவாரப் பாடல் பெற்ற திருவெண்பாக்கம் இங்கேதான் இருந்தது. நீர்த்தேக்கம் கட்டியபோது அந்த இடம் நீருக்குள் போய்விட்டது. கோயிலைப் பூண்டியிலேயே வேறிடத்தில் எழுப்பி, ஊன்றீசுவரர் கோயில் என்று இன்று வழிபடுகிறார்கள். இந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு பயணக் கதை. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த சுந்தரர், அவரைப் பிரிய மாட்டேன் என்று செய்த சத்தியத்தை மீறித் திருவாரூருக்குக் கிளம்பியதும் இரண்டு கண்களிலும் பார்வையை இழந்தார் என்பது பெரிய புராணம் சொல்வது. பார்வை இல்லாமலே வட திருமுல்லைவாயில் வந்து, அங்கிருந்து திருவெண்பாக்கம் வந்தார். இங்கே இறைவன் அவருக்குப் பார்வையைத் தராமல் ஒரு ஊன்றுகோலைத் தந்தார். ஒரு கண் காஞ்சியில் கிடைத்தது, மறு கண் திருவாரூரில். திருமுல்லைவாயில் அம்பத்தூரையும் ஆவடியையும் ஒட்டிய இன்றைய ஊர். அங்கிருந்து பூண்டிக்கு மேற்கே போகிறவர் ஏறக்குறைய நம் பேருந்து போகும் வட்டாரத்தின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். மேற்குப் புறநகரின் மிகப் பழைய பயணக் கதையின் நாயகன் வழியில் எதையும் பார்க்கவில்லை. பயணம் என்றால் பார்ப்பது என்றே பழகிவிட்ட ஒரு கலைவடிவத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை. புராணத்தைப் புராணமாகவும் அணையின் ஆண்டுகளை வரலாறாகவும் குரல் பிரித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ‘சேக்கிழார் சொல்கிறார்’ என்ற இரண்டு சொல் அந்த வேலையைச் செய்துவிடும்.

இந்தப் பகுதிக்கான ஷாட்டுகள் மூன்று போதும். கோயில் கோபுரத்தைக் கீழிருந்து மேலாக எடுக்கும் வழக்கமான ஷாட் வேண்டாம். கோயிலின் வெளிப்புறத்தை ஒரு அகன்ற ஷாட், பெயர்ப் பலகையை ஒரு அண்மை ஷாட், பிறகு நீர்ப்பரப்பு. மூன்றாவது ஷாட் முக்கியமானது. கரையில் நின்று முன்பு எடுத்த அதே பதினான்கு விநாடி ஷாட்டை இங்கே மீண்டும் வைக்க வேண்டும். முதலில் அது தண்ணீராகத் தெரிந்திருக்கும். கோயிலின் கதைக்குப் பிறகு அதே படம் ஒரு ஊரின் கூரையாகத் தெரியும். மார்க்கரிடம் கற்றுக்கொண்ட உத்தி இதுதான், ஆனால் இங்கே அது வித்தை காட்டுவதற்காக வரவில்லை. நீருக்கடியில் இருப்பதைக் காட்ட நமக்கு வேறு வழியே கிடையாது.

மூன்றாவது பொருள் கல். பூண்டிக்குப் பக்கத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கும் அத்திரம்பாக்கத்தில் 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்கால மனிதர் செதுக்கிய குவார்ட்சைட் கருவிகளைக் கண்டுபிடித்தார். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கே அகழ்ந்து, அடியிலிருந்த கைக்கோடாரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமை கொண்டவை என்று 2011இல் வெளியிட்டது. அதற்கும் மேலடுக்கில் இருந்த, வேறு நுட்பத்தில் செய்த கருவிகளின் காலம் ஏறத்தாழ 3,85,000 ஆண்டு என்று 2018இல் வெளியானது. பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் கைக்கோடாரியைத் திரையில் காட்டினால் பழக்கமில்லாத கண்ணுக்கு அது உடைந்த கல்தான். இன்னொரு ஆபத்தும் உண்டு. அருங்காட்சியகத்துக்குள் படம் எடுக்க அனுமதி கிடைக்காமல் போனால், ஆற்றங்கரையில் கிடந்த ஏதோ ஒரு கல்லை எடுத்துக் காட்டிவிடத் தோன்றும். அது பொய். அதைவிட மோசம், பார்ப்பவர்கள் அங்கே போய்க் கல் பொறுக்கத் தொடங்குவார்கள். ஒரு கருவியின் காலத்தைச் சொல்வது அது கிடந்த மண்ணடுக்குதான். கையில் எடுத்துவிட்டால் அந்தச் சாட்சியம் அழிந்துபோகும். ஆகவே அகழாய்வு இடத்துக்கு வழி சொல்லாமல், அங்கே போகாமல், அருங்காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்ளும் வ்லாக்கே நேர்மையானது.

அப்படியானால் 15 லட்சம் ஆண்டை எந்தப் படத்தின்மேல் சொல்வது? பேருந்துச் சன்னல்மேல் சொல்லலாம். வேப்பம்பட்டிலிருந்து திருவள்ளூர் பத்துக் கிலோமீட்டர் அளவு. இந்தப் பத்துக் கிலோமீட்டரை 15 லட்சம் ஆண்டு என்று வைத்துக்கொண்டால் ஒரு மீட்டருக்கு 150 ஆண்டு. திருவள்ளூரில் பேருந்து நிற்கும் இடம் இன்று. ஃபூட் கல்லை எடுத்த நாள் அங்கிருந்து ஒரு மீட்டர் சொச்சம் பின்னால் இருக்கிறது. பூண்டி அணை அரை மீட்டர் பின்னால். சுந்தரர் காலம் எட்டு மீட்டர் அளவு பின்னால், அதாவது பேருந்தின் நீளத்துக்குள்ளேயே. மீதி வழி முழுக்க, கடைகளும் மனைப்பிரிவு விளம்பரப் பலகைகளும் பள்ளிச் சுவர்களும் ஓடிக்கொண்டிருக்கிற அத்தனை நேரமும், பெயர் தெரியாத மனிதர்கள் கல் செதுக்கிக்கொண்டிருந்த காலம். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சன்னலில் ஓடும் சாதாரணக் காட்சிகள் சாதாரணமாகவே இருக்கட்டும். குரல் அவற்றுக்கு ஆழம் கொடுக்கிறது. அழகான காட்சி எதுவும் தேவைப்படாத ஷாட் பட்டியல் இப்படித்தான் உருவாகிறது.

இனி பேருந்துக்குள் வேலை. எங்கே உட்காருகிறோம் என்பதே எதை எடுக்கிறோம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. நம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்கான இருக்கைகள் பெரும்பாலும் இடப்பக்கம். சாலையில் வண்டி இடப்பக்கம் போவதால் அந்தச் சன்னலிலிருந்து கடை வாசலும் நிறுத்தத்தில் நிற்பவர் முகமும் கையெட்டும் தூரத்தில் வரும். வலப்பக்கம் உட்கார்ந்த ஆணின் கேமராவுக்கு எதிரே வரும் லாரியும் அதற்கு அப்பால் தூரத்துக் கடைகளும்தான். ஒரே பயணத்தை எடுக்கும் ஆணின் படமும் பெண்ணின் படமும் இதனாலேயே வேறாக இருக்கும். முடிந்தால் இரண்டு பேர் போய் இரண்டு பக்கமும் எடுப்பது நல்லது. வெளிச்சத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பேருந்து மேற்கே போவதால் காலை வெயில் முதுகுப் பக்கமிருந்து விழும். எதிரே தெரிவது தெளிவாக இருக்கும், ஆனால் நிழலில்லாமல் தட்டையாகத் தெரியும். வெயில் ஏறிய பிறகு, குறிப்பாக மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், இடப்பக்கச் சன்னலில் நேராக வெயில் அடித்துப் படம் வெளுத்துவிடும். அந்த நேரத்தில் வலப்பக்கம்தான் உதவும்.

ஓடும் பேருந்தில் படம் கெடுவதற்கு மூன்று காரணங்கள். போனைச் சன்னல் கம்பியில் சாய்த்து வைத்தால் என்ஜின் அதிர்வு முழுக்கப் படத்தில் இறங்கிவிடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு கையில் பிடித்தால் உடம்பு அந்த அதிர்வைப் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். சன்னலுக்கு நேர் குறுக்காக எடுத்தால் மின்கம்பங்கள் சாய்ந்தும் வளைந்தும் தெரியும், ஏனென்றால் போன் கேமரா ஒரு சட்டத்தை வரி வரியாகத்தான் பதிவு செய்கிறது. வண்டி போகும் திசைக்குச் சற்றுச் சாய்வாக, முன்னோக்கி எடுத்தால் இந்தக் கோளாறு வெகுவாகக் குறையும். பேருந்தின் எல்.இ.டி. பெயர்ப்பலகை கண்ணுக்கு ஒழுங்காகத் தெரிந்தும் படத்தில் பாதி எழுத்து விடுபட்டு மின்னலாம். விநாடிக்கு 25 சட்டம், ஷட்டர் ஐம்பதில் ஒரு பங்கு விநாடி என்று வைத்து, நிறுத்தத்திலேயே ஒரு முறை எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒலியைத் தனியாக எடுப்பது நல்லது. வண்டி நிற்கும்போது என்ஜின் உறுமல் ஒரு நிமிடம், கியர் மாறி வேகம் பிடிப்பது ஒரு நிமிடம், நடத்துநரின் விசில், சில்லறைச் சத்தம், ‘ரைட் ரைட்’. வர்ணனையைப் பேருந்திலேயே பேசிப் பதிவு செய்தால் காற்றும் இரைச்சலும் அதைத் தின்றுவிடும். வீட்டில், துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதற்கு முன்னால் உட்கார்ந்து பேசுவதே போதுமானது.

அளவைப் பற்றி ஒரு கணக்கு. ஒன்பது நிமிடப் படம் என்றால் 540 விநாடி. ஒரு ஷாட் சராசரி பன்னிரண்டு விநாடி நின்றால் 45 ஷாட். குரல் பாதி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, மீதிப் பாதி பேருந்துக்கும் தண்ணீருக்கும் சேர வேண்டியது. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு சொல் போகும். அப்படியானால் முழு வர்ணனையும் நானூறு சொல் சொச்சம்தான். கையெழுத்தில் இரண்டு பக்கம். அணை, கிருஷ்ணா நீர், சுந்தரர், கல் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இந்தக் கணக்கை முதலில் போடுகிறவர் ‘வணக்கம் மக்களே’ என்று தொடங்கி முப்பது விநாடியைச் செலவழிக்க மாட்டார். திருவள்ளூர் பேருந்து நிலையத்துக்கு ஒரு நிமிடம் ஒதுக்கலாம், அதில் குரலே வேண்டாம். ஊர்ப் பெயர்களைக் கூவும் குரல்களும் வந்து திரும்பும் வண்டிகளும் போதும். அமாவாசை வார இறுதியில் வந்தால் வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் அந்த நிலையத்தில் கேமராவைத் தூக்கவே இடமிருக்காது. நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இவ்வளவு திட்டமிட்டால் பயணத்தின் எதிர்பாராமை செத்துப்போகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் திட்டம் எதை அடைக்கிறது, எதைத் திறந்துவிடுகிறது என்று பார்க்க வேண்டும். வேப்பம்பட்டுக்கு அடுத்த ஊரான திருநின்றவூரில் வாழ்ந்தவர் பூசலார். கோயில் கட்டப் பொருள் கிடைக்காததால் கல், தச்சர், நாள், கடைக்கால், விமானம், கிணறு, குளம் என்று ஒவ்வொன்றாக மனத்திலேயே கட்டி முடித்தார் என்கிறார் சேக்கிழார். அந்தக் கோயிலின் வலிமை, அதில் எந்த உறுப்பும் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விடப்படவில்லை என்பதுதான். வர்ணனையை முன்பே எழுதியவருக்கு என்ன தேவை என்று தெரியும். ஆகவே தேவையில்லாததைத் துரத்திக்கொண்டு ஓடாமல், எதிரே தானாக வருவதைக் கவனிக்க அவருக்கு நேரம் கிடைக்கும். 45இல் முப்பதை எழுதிவைத்துப் பதினைந்தை வெற்றிடமாக விடலாம். அந்தப் பதினைந்தும் பயணத்துக்குச் சொந்தம்.

பேருந்துப் பயணத்தை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பது அடுத்த மறுப்பு. நார்வேயின் பொதுத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே. 2009இல் பெர்கனிலிருந்து ஆஸ்லோ போகும் ரயிலின் ஏழு மணிநேரப் பயணத்தை அப்படியே ஒளிபரப்பியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதன் ஏதோ ஒரு பகுதியையாவது பார்த்தார்கள். அது பனிமலைப் பாதை, நம்முடையது திருவள்ளூர் நெடுஞ்சாலை என்று சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். என் வாதத்துக்கு எதிராக அதில் இன்னொன்றும் இருக்கிறது, அந்த ஒளிபரப்பு பெரும்பாலும் வர்ணனை இல்லாமலே ஓடியது. ஆனால் ரயில் சுரங்கத்துக்குள் புகுந்து திரை இருண்டபோதெல்லாம் அவர்கள் அந்தப் பாதையின் பழைய படங்களையும் பேட்டிகளையும் வைத்தார்கள். கண்ணுக்கு எதுவும் இல்லாத இடத்தில் சொல்ல வேண்டியிருந்தது. வேப்பம்பட்டிலிருந்து பூண்டிவரை சுரங்கம் இல்லை. ஆனால் இந்தப் பாதையில் கண்ணுக்கு அகப்படாதது அதைவிட அதிகம்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. குரல் எந்தப் படத்தையும் எப்படியும் மாற்றிவிடும் என்றால், குரலுக்கு இவ்வளவு இடம் கொடுப்பது பார்ப்பவரை ஏமாற்றும் வழியைத் திறந்துவிடுவது ஆகாதா? ஆகும். அதனால்தான் இரண்டு கட்டுப்பாடுகளைக் கேட்கிறேன். வர்ணனையில் வரும் ஒவ்வொரு கூற்றும் ஒருவர் போய்ச் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆண்டு, அளவு, யார் சொன்னது. ‘மறக்க முடியாத அனுபவம்’ என்பதைச் சரிபார்க்க வழியில்லை, ஆகவே அது வேண்டாம். படமும் பார்ப்பவர் தானே துழாவிப் பார்க்கும் அளவுக்கு நிலைத்து நிற்க வேண்டும். இரண்டு விநாடியில் வெட்டப்படும் படத்தோடு யாரும் வாதாட முடியாது. பன்னிரண்டு விநாடி என்று கணக்கு வைத்தது இதற்காகத்தான். உடன் பயணிப்பவர்களுக்கும் இதே பொறுப்பு பொருந்தும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்கள் 2021இலிருந்து கட்டணமின்றிப் போகிறார்கள். அந்தச் சீட்டோடு ஒரு முகத்தைக் காட்டிக் குரல் எதை வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், அந்த முகத்துக்குரியவர் பதில் சொல்ல முடியாது. கேட்டு, சம்மதித்தவர் முகத்தை எடுக்கலாம். மற்றவர்களுக்குக் கம்பியைப் பிடித்த கை, மடியிலிருக்கும் பை, பின்னந்தலை. குழந்தைகள் முகம் வேண்டவே வேண்டாம். யாருடைய முகமும் இல்லாமல் பேருந்து கூட்டமாக இருப்பதைக் காட்டக் கைகள் போதும்.

திரும்பும் வழிக்கு அரை நிமிடம் போதும், அதிலும் புதிய ஷாட் வேண்டாம். படத்தை வெட்டி முடித்த பிறகு கடைசியாகச் சேர்க்க வேண்டியது எடுத்த தேதி. மே மாதப் பூண்டியும் டிசம்பர்ப் பூண்டியும் வேறு வேறு. 2019 கோடையில் அந்த ஏரி ஏறக்குறைய வறண்டு தரை தெரிந்தது. மழைமிகுந்த ஆண்டுகளில் மதகுகளைத் திறந்து ஆற்றில் உபரி நீரை விடுகிறார்கள். சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் இருப்பை நாள்தோறும் வெளியிடுகிறது. படம் எடுத்த நாளின் பூண்டி இருப்பை அதிலிருந்து எடுத்து, அந்தப் பதினான்கு விநாடி ஷாட்டின் கீழே தேதியோடு எழுத்தில் போட்டுவிட வேண்டும். வேறொரு பருவத்தில் அதைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறுகிறவர், எவ்வளவு தண்ணீரை எதிர்பார்த்துப் போவது என்று அந்த எண்ணிலிருந்து தெரிந்துகொள்வார்.